பூச்சி கடித்த இடத்தில் பட்டன் போல ஒரு முடிச்சு: டெர்மட்டோஃபைப்ரோமா பற்றி என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

"மூணு வருஷம் முன்னாடி ஏதோ பூச்சி கடிச்சது டாக்டர். அந்த இடத்துல சட்டைப் பட்டன் மாதிரி கெட்டியா, பழுப்பா ஒண்ணு நின்னுடுச்சு. என்ன இது?"

நீங்கள் சொல்வதைக் கேட்டால் டெர்மட்டோஃபைப்ரோமா என்றுதான் தோன்றுகிறது. தமிழில் தோல் நார்க்கட்டி எனலாம். தோலின் நடு அடுக்கில் நார்களை உண்டாக்கும் செல்கள் உண்டு. அவை ஓரிடத்தில் மட்டும் கூடுதலாகப் பெருகி, நாரைப் பின்னிப் பின்னி ஒரு சின்ன முடிச்சாக இறுகியிருக்கின்றன. அதனால்தான் தொட்டால் சதைபோல இல்லாமல், தோலுக்குள் ஒரு துவரம்பருப்பைப் புதைத்து வைத்ததுபோல இருக்கிறது.

இது புற்றுநோய் அல்ல. ஒட்டுவாரொட்டியும் அல்ல. ரத்தம் கெட்டுப்போனதன் அடையாளமும் அல்ல. தோல் மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கும் சாதாரணக் கட்டிகளில் இதுவும் ஒன்று. முழங்காலுக்குக் கீழேதான் அதிகம் வரும். கையிலும் தோளிலும் வருவதுண்டு. ஆண்களைவிடப் பெண்களுக்கு, அதிலும் இருபதிலிருந்து ஐம்பது வயதுக்குள், கூடுதலாகப் பார்க்கிறோம். பொதுவாக ஒரு சென்டிமீட்டருக்குள் நின்றுவிடும்.

"கடிச்ச பூச்சியோட விஷமோ கொடுக்கோ உள்ளேயே தங்கிடுச்சா?"

இல்லை. வெட்டி எடுத்த கட்டியை நுண்ணோக்கியில் பார்த்தால் நார்களும் செல்களும்தான் தெரியும், கொடுக்கு இருக்காது. பூச்சியின் விஷம் எப்போதோ கரைந்து போயிருக்கும்.

பூச்சிக்கடிக்கும் இந்தக் கட்டிக்கும் உள்ள உறவை உள்ளபடியே சொல்லிவிடுகிறேன். பூச்சி கடித்தது, முள் குத்தியது, மயிர்க்கால் வீங்கிப் பழுத்தது, ஷேவ் செய்யும்போது கீறியது என்று சிலர் சரியாக நினைவு வைத்துச் சொல்வார்கள். அந்தக் காயத்தை ஆற்ற வந்த செல்கள் வேலை முடிந்த பிறகும் நிற்காமல் நாரைப் பின்னிக்கொண்டே போயிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். ஆனால் பலருக்கு அப்படி எந்த நினைவும் இருக்காது. தவிர, காலில் கொசு கடிக்காத ஆள் நம் ஊரில் யார்? எனவே இது காயத்துக்குத் தோல் காட்டிய எதிர்வினையா, தானாகவே தோன்றிய கட்டியா என்ற விவாதம் மருத்துவர்களுக்குள் இன்னும் முடியவில்லை. இரண்டில் எதுவாக இருந்தாலும் உங்களுக்குச் செய்ய வேண்டியது மாறப்போவதில்லை.

சாதாரணப் பூச்சிக்கடித் தடிப்பு ஓரிரு வாரத்தில் அடங்கும். சொறிந்துகொண்டே இருந்தால் மாதக்கணக்கில்கூட நிற்கும். ஆனால் அது அரித்துக்கொண்டே இருக்கும், ஒன்றோடு நிற்காமல் பலவாகவும் இருக்கும். நார்க்கட்டி அப்படி இல்லை. சில வாரங்களோ மாதங்களோ மெல்ல வளர்ந்து, ஓர் அளவுக்கு வந்ததும் நின்று, பிறகு வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். அந்த நிலைத்தன்மைதான் அதன் குணம்.

"ஸ்கேன், டெஸ்ட் எதுவும் இல்லாம எப்படி டாக்டர் பார்த்தவுடனே சொல்றீங்க?"

பார்த்துச் சொல்வதைவிடத் தொட்டுச் சொல்வதுதான் அதிகம். வீட்டிலேயே நீங்களும் செய்து பார்க்கலாம். பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் கட்டியின் இரு பக்கமும் வைத்து, கட்டியை அல்ல, அதைச் சுற்றியுள்ள தோலை மெதுவாக நெருக்குங்கள். பருவோ சாதாரண மச்சமோ என்றால் நெருக்கும்போது மேலே எழும்பும். நார்க்கட்டி பெரும்பாலும் உள்ளே அமிழும். கன்னத்தில் விழும் குழிபோல நடுவில் ஒரு பள்ளம் தெரியும். தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் 1977-இல் இதை எழுதினார். இன்றும் அவர் பெயராலேயே இந்தச் சோதனையைச் சொல்கிறோம்.

ஏன் அமிழ்கிறது? முடிச்சு மேல்தோலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதே சமயம் கீழே கொழுப்பை நோக்கியும் இறங்கியிருக்கிறது. பக்கத்திலிருந்து நெருக்கினால் மேலே வர அதற்கு வழியில்லை. கீழே போகும்போது மேல்தோலையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது. இதே காரணத்தால்தான் விரலால் தள்ளினால் மேல்தோலோடு சேர்ந்து நகரும், அடியில் எலும்பிலோ தசையிலோ ஒட்டியிருக்காது.

அடுத்தது டெர்மாஸ்கோப் என்ற விளக்கு வைத்த உருப்பெருக்கி. அதில் நடுவே தழும்புபோல வெளிறிய ஒரு திட்டும், சுற்றிலும் மெல்லிய பழுப்பு வலைக்கோடுகளும் தெரிந்தால் எங்கள் சந்தேகம் பெருமளவு தீர்ந்துவிடும். எல்லாக் கட்டியிலும் இந்த அமைப்பு இவ்வளவு சுத்தமாகத் தெரிவதில்லை. ஆனால் தெரியும்போது மிக உதவும்.

ஒரு எச்சரிக்கை: குழி விழுந்தால் பயமே இல்லை என்றோ, விழாவிட்டால் ஆபத்து என்றோ முடிவு கட்டாதீர்கள். சில நார்க்கட்டிகள் அமிழாது. அரிதாக வேறு கட்டிகளும் அமிழும். குழியையும், கட்டி எத்தனை நாளாக இருக்கிறது, வளர்கிறதா, எந்த இடம் என்பதையும் சேர்த்துத்தான் நாங்கள் முடிவெடுக்கிறோம்.

"முதல்ல இளஞ்சிவப்பா இருந்துச்சு, இப்ப கறுத்துப் போச்சு. கறுப்பானா கேன்சர்னு நெட்ல போட்டிருக்கே?"

மெலனோமா என்ற தோல் புற்றுநோயைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். பயம் நியாயமானது, ஆனால் அந்த எழுத்தில் பெரும்பகுதி வெள்ளைத் தோல்காரர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. நார்க்கட்டி அதன் மேலிருக்கும் தோலைத் தூண்டி, சற்றுத் தடிக்க வைத்து, நிறமியையும் கூட்டிவிடுகிறது. நம் மாநிறத் தோலில் அது கரும்பழுப்பாகவோ ஏறக்குறைய கறுப்பாகவோ தெரிவது வழக்கம். புதிதாக இருக்கும்போது சிவந்தும், பழையதாகும்போது கறுத்தும் இருப்பது அதன் இயல்பான போக்குதான்.

நிறம் சீராக இருக்கிறதா என்று பாருங்கள். முழுவதும் ஒரே பழுப்பு, ஓரத்தில் மெல்லக் கரைந்து தோல் நிறத்தோடு சேர்கிறது என்றால் நல்லது. ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் கறுப்பு, ஓரம் பிய்த்துப் போட்டதுபோல என்றால் காட்ட வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கறுத்த தோல் உள்ளவர்களுக்கு மெலனோமா வந்தால், அது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி போன்ற இடங்களில்தான் அதிகம் வருகிறது. எனவே முழங்கால் கீழே பல வருடமாக மாறாமல் இருக்கும் பட்டனைவிட, உள்ளங்காலில் புதிதாகத் தோன்றிப் பரவும் கறுப்புத் திட்டைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன்.

"அப்ப எதைப் பார்த்தா உடனே வரணும்?"

முதலில் வளர்ச்சி. பல மாதங்கள் அமைதியாக இருந்தது திடீரென்று வளரத் தொடங்கினால், அல்லது தொடக்கத்திலிருந்தே நிற்காமல் வளர்ந்து இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டினால் வாருங்கள். டெர்மட்டோஃபைப்ரோசார்கோமா என்று பெயரளவில் இதன் உறவுக்காரன் போலத் தோன்றும் ஒரு கட்டி உண்டு. அது மெதுவாக, ஆனால் நிற்காமல் பரவும். உடம்பின் நடுப்பகுதியில், தோளில், தொடைப் பக்கம் அதிகம் வரும். முதலில் தழும்புபோலத் தட்டையாக இருந்து பிறகு மேடு மேடாக எழும்பும். வருடக்கணக்கில் "தழும்புதான்" என்று விட்டுவிட்டு வருபவர்கள் உண்டு. உங்கள் பட்டன் அதுவாக மாறுவதில்லை. அது ஆரம்பத்திலிருந்தே வேறு கட்டி.

இரண்டாவது, அடிபடாமல் கீறாமல் தானாகவே ரத்தம் கசிவதும், புண்ணாகி ஆறாமல் இருப்பதும். மூன்றாவது, சில வாரங்களிலேயே உருண்டு திரண்டு எழும்பிய, கெட்டியான புதிய கட்டி, அது எந்த நிறமாக இருந்தாலும். இந்த மூன்றில் ஒன்று இருந்தால் குழி விழுகிறதா என்று சோதித்துக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டாம்.

"சுண்ணாம்பு வெச்சா உதிர்ந்துடும்னு மாமியார் சொன்னாங்க. வெச்சும் பார்த்தேன். புண்ணாச்சே தவிர கட்டி போகல."

இதே வார்த்தைகளோடு வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். முப்பத்தாறு வயது, துணிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை. ஊருக்குப் போயிருந்தபோது இடது கால் முன்பக்கம் கட்டெறும்பு கடித்தது. சொறிந்து சொறிந்து பொருக்கு உதிர்ந்தும் ஒரு முடிச்சு நின்றது. அதற்குள் மூன்று வருடம். முதல் இரண்டு வருடம் அவர் அதைக் கவனிக்கவே இல்லை. பிறகு பக்கத்து வீட்டில் ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்த வாரத்தில்தான் இந்தக் கட்டி கண்ணில் பட்டது. இரவில் தூக்கம் போனது.

சுண்ணாம்பையும் சலவைச் சோடாவையும் குழைத்து வைத்தார்கள். மேல்தோல் வெந்து உதிர்ந்தது. முடிச்சு அடியில் அப்படியே இருந்தது. ஏனென்றால் அது மேல்தோலில் உட்கார்ந்திருக்கும் மரு அல்ல, அதன் வேர் கீழ் அடுக்கில் இருக்கிறது. பிறகு மருந்துக்கடையில் கேட்டு ஒரு களிம்பு வாங்கி இரண்டு மாதம் பூசினார். அதில் வீரியமான ஸ்டீராய்டு கலந்திருந்தது. கட்டியைச் சுற்றித் தோல் வெளுத்து மெலிந்து, பட்டன் முன்னைவிட எடுப்பாகத் தெரிய ஆரம்பித்தது. "வளந்துடுச்சு டாக்டர்" என்று அழுதுகொண்டே வந்தார்.

ஸ்கேல் வைத்து அளந்தேன்: ஏழு மில்லிமீட்டர். அவர் மொபைலில் ஒன்றரை வருடத்துக்கு முன் கொலுசு வாங்கியபோது காலைப் படமெடுத்திருந்தார். அதில் கொலுசுக்குச் சற்று மேலே அதே கட்டி தெரிந்தது. கொலுசின் மணிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அளவு கூடவில்லை. நெருக்கியபோது தெளிவாகக் குழி விழுந்தது. டெர்மாஸ்கோப்பில் நடுவெள்ளையும் சுற்று வலையும் இருந்தன. இடுப்பு மடிப்பில் நெறி கட்டியிருக்கிறதா என்றும் பார்த்தேன்; இல்லை. களிம்பை நிறுத்தச் சொன்னேன், வேறு எதுவும் எழுதித் தரவில்லை. மூன்று மாதம் கழித்து வந்தபோது சுற்றுத் தோலின் நிறம் ஓரளவு திரும்பியிருந்தது. கட்டி அதே ஏழு மில்லிமீட்டர்.

முந்திரிக்கொட்டை எண்ணெய், சேங்கொட்டை, மரு எரிக்கும் ஆசிட் எல்லாமே இதே கதைதான். எரிவது மேலே, கட்டி இருப்பது கீழே. காலில் ஏற்படும் வேதிப்புண் ஆற வாரக்கணக்காகும். சர்க்கரை நோய் இருந்தால் அது வேறு பெரிய சிக்கலாகிவிடும்.

"ஆபரேஷன் பண்ணி எடுத்துடுங்க டாக்டர், தொல்லை விட்டுது."

எடுக்க முடியும். ஆனால் எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்று முதலில் பார்ப்போம். மரத்துப்போகும் ஊசி போட்டு, கட்டியைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தோலோடு, கொழுப்பு வரை ஆழமாக, இலை வடிவத்தில் வெட்டி எடுக்க வேண்டும். வட்டமாக வெட்டித் தைத்தால் இரு முனையிலும் தோல் துருத்தும். அதனால் அகலத்தைப்போல மூன்று மடங்கு நீளம் வெட்டுவோம். ஏழு மில்லிமீட்டர் பட்டனுக்கு அகலம் ஒரு சென்டிமீட்டர் என்றால், தையல் கோடு மூன்று சென்டிமீட்டர். அதாவது சின்ன பட்டனைக் கொடுத்துவிட்டு அதைவிட நீளமான தழும்பை வாங்குகிறீர்கள்.

முழங்காலுக்குக் கீழே தோல் இறுக்கமானது, ரத்த ஓட்டமும் முகத்தைப்போல வேகமானதல்ல. தையல் பிரிக்க இரண்டு வாரம்வரை ஆகும். நின்று வேலை செய்பவருக்குக் கால் வீங்கித் தையல் இழுபடும், தழும்பு அகலமாகும், நம் தோலில் கறுத்தும் போகும். முன்பே தழும்பு தடித்து எழும்பும் உடல்வாகு இருந்தால் இன்னும் யோசிக்க வேண்டும்.

அப்படியும் எடுப்பதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. செருப்பு வாரோ கொலுசோ ஒவ்வொரு நாளும் உரசி வலிக்கிறது, ஷேவ் செய்யும்போதெல்லாம் வெட்டுப்படுகிறது, எங்களுக்கே சந்தேகம் இருக்கிறது என்றால் எடுக்கலாம். எவ்வளவு விளக்கியும் மனம் ஆறவில்லை என்பதையும் நான் காரணமாகவே ஏற்றுக்கொள்கிறேன். எடுத்ததைக் குப்பையில் போடக் கூடாது. பரிசோதனைக்கு அனுப்பியே ஆக வேண்டும். "வெறும் கட்டிதான், எதற்கு டெஸ்ட்" என்று யாராவது சொன்னால் நீங்களே வற்புறுத்திக் கேளுங்கள்.

"மேலாப்ல சீவி விட்டாலோ, லேசர், ஐஸ் வெச்சாலோ தழும்பு இல்லாம போயிடாதா?"

சீவினால் மேடு தட்டையாகும். அடியில் இருப்பது மிச்சமிருக்கும், பலருக்குத் திரும்ப எழும்பும். திரவ நைட்ரஜனால் உறைய வைப்பதும் கட்டியை ஓரளவு அமுக்கும். ஆனால் குளிரில் நிறமிச் செல்கள் முதலில் சாகும் என்பதால் நம் தோலில் வெள்ளைத் திட்டு நிற்கலாம். பழுப்புப் பட்டன் போய் வெள்ளைப் பொட்டு வந்தவர்களுக்கு "வெண்குஷ்டமா" என்று ஊரார் கேட்கும் துன்பம் தனி. லேசருக்கும் இதே வரம்பு உண்டு. மேடு மட்டும்தான் தொல்லை என்றால் சீவுவதை யோசிக்கலாம், திரும்ப வரும் என்று தெரிந்தே.

"கத்தி பட்டா பரவிடும்னு சொல்றாங்களே, பயாப்சி எடுத்தா ஆபத்து இல்லையா?"

பரவாது. நார்க்கட்டியில் பரவ எதுவும் இல்லை. சந்தேகம் இருக்கும் கட்டியில் சின்னத் துண்டு எடுத்துப் பார்ப்பதால் நோய் பரவும் என்ற பயத்தால்தான், உண்மையிலேயே சீக்கிரம் எடுக்க வேண்டிய கட்டிகளைப் பலர் தள்ளிப் போடுகிறார்கள். எனக்கு இதில் மனவருத்தமே உண்டு. பேனா முனை அகலத்துக்கு, நான்கு மில்லிமீட்டர் வட்டக் கத்தியால் ஒரு துண்டு எடுத்து, ஒன்றிரண்டு தையல் போடுவதோடு வேலை முடிந்துவிடும். துண்டு கொழுப்பு வரை ஆழமாக இருக்க வேண்டும் என்பது மட்டும் முக்கியம். மேலாக எடுத்தால் நார்க்கட்டியா, நான் முன்பு சொன்ன பரவும் கட்டியா என்று சோதனைக் கூடத்தால் பிரித்துச் சொல்வது கடினமாகிவிடும்.

"அப்பப்ப அரிக்குது, அழுத்தினா சுரீர்னு வலிக்குது. அப்படின்னா உள்ளே ஏதோ நடக்குதா?"

இந்தக் கட்டிக்கு அரிப்பும் லேசான வலியும் சகஜம். இடித்துக்கொண்டாலோ சொறிந்தாலோ சில நாள் கூடும். சொறிவதை நிறுத்துங்கள், உரசும் வாரை மாற்றுங்கள், தேங்காய் எண்ணெயோ சாதாரண ஈரப்பதக் களிம்போ தடவுங்கள். வலி நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனால் மட்டும் வாருங்கள்.

"எனக்கு ஒண்ணு இல்ல, ரெண்டு கால்லயும் சேர்த்து நாலு இருக்கு."

ஒன்றுக்கு மேல் இருப்பது அபூர்வமல்ல. வருடங்களாக ஒவ்வொன்றாகச் சேர்ந்த நாலைந்துக்கு நான் எந்த ரத்தப் பரிசோதனையும் எழுதுவதில்லை. ஆனால் சில மாதங்களுக்குள் ஐந்து, ஆறு, எட்டு என்று கிளம்பினாலோ, மொத்தம் பதினைந்து அளவுக்கு இருந்தாலோ கேள்விகள் கேட்பேன். மூட்டுவலி, வெயிலில் முகம் சிவப்பது, முடி கொட்டுவது உண்டா? நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரைகள் நெடுநாளாகச் சாப்பிடுகிறீர்களா? லூப்பஸ், எச்.ஐ.வி போன்று எதிர்ப்புச் சக்தியைப் பாதிக்கும் நிலைகளில் இவை கூட்டமாக வருவதுண்டு. அப்போதும் தேடுவது அந்த நோயைத்தான். கட்டிகள் அப்போதும் தீங்கற்றவையே.

"தொழுநோயா இருக்குமோன்னு வீட்டுல பயப்படறாங்க, வெளியில சொல்லவே கூச்சமா இருக்கு."

உணர்ச்சியற்ற, வெளிறிய அல்லது செம்மை கலந்த தட்டையான தேமல்தான் அதன் வழக்கமான தொடக்கம். உங்கள் கட்டியை ஒரு பஞ்சால் தொட்டால் தெரிகிறது, அழுத்தினால் வலிக்கிறது, அது ஒற்றை முடிச்சு. இது அந்த நோயின் உருவமே இல்லை. உடம்பில் வேறெங்காவது மரத்துப்போன தேமல் இருந்தால் கூச்சமின்றி அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். மருந்து இலவசம், முழுதும் குணமாகும்.

"சரி டாக்டர், விட்டுடறேன். ஆனா காலம் பூரா இப்படியேதான் இருக்குமா?"

பெரும்பாலும் இருக்கும். சிலருக்குப் பல வருடங்களில் மெல்லத் தட்டையாகி, ஒரு கறுப்புப் பொட்டாகவோ லேசான பள்ளமாகவோ முடியும். அதை எதிர்பார்த்து நாள் எண்ண வேண்டாம். தினமும் தொட்டுப் பார்க்கவும் வேண்டாம், ஏனென்றால் தினம் நெருக்கினால் வீங்கும், வீங்கினால் வளர்ந்ததுபோலத் தோன்றும். இன்று பள்ளிக்கூட ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து, பகல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து அதே வெளிச்சத்தில், அதே ஸ்கேலோடு இன்னொன்று. இரண்டும் ஒரே அளவு என்றால் அதன் பிறகு வருடத்துக்கு ஒரு படம் போதும்.